வக்கீல் ஃபீஸுக்கு ஜிஎஸ்டி கட்டவில்லை என்று நோட்டீஸா? முதல் 30 நாளில் செய்ய வேண்டியது இதுதான்

‘வக்கீல் பில்லில் ஜிஎஸ்டியே போடவில்லை, நாங்கள் எதற்குக் கட்டணும்?’ வரித் துறை நோட்டீஸ் கைக்கு வந்ததும் பல சிறு நிறுவனங்கள் கேட்கும் முதல் கேள்வி இது. பதில் சுருக்கமானது. வக்கீல் போட மாட்டார், போடவும் கூடாது. அந்த வரியை அவரிடம் சேவை பெற்ற நிறுவனம்தான் நேரடியாக அரசுக்குக் கட்ட வேண்டும். இதற்குப் பெயர் ரிவர்ஸ் சார்ஜ்.

இதில் பலருக்குத் தெரியாத இன்னொரு விஷயம் இருக்கிறது. கட்டிய வரி பெரும்பாலான நிறுவனங்களுக்கு இன்புட் கிரெடிட்டாகத் திரும்பி வந்துவிடும். நிஜமாகக் கையை விட்டுப் போவது வட்டி. நோட்டீஸைக் கவனிக்காமல் விட்டால் அபராதமும் சேரும். பதில் சரியாகப் போகாவிட்டால், திரும்பி வர வேண்டிய கிரெடிட்டும் போய்விடலாம். அதனால் நோட்டீஸ் வந்த முதல் 30 நாட்கள் முக்கியம்.

யார் கட்டணும், யாருக்கு விலக்கு?

இது ஜிஎஸ்டியோடு புதிதாக வந்த விதி அல்ல. சேவை வரிக் காலத்தில், 2012 ஜூலை முதலே வக்கீல் கட்டணத்துக்கு இந்த முறை உண்டு. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது 13/2017 எண் கொண்ட அறிவிக்கையில் அது தொடர்ந்தது. தனி வக்கீல், சீனியர் வக்கீல், வக்கீல்கள் சேர்ந்து நடத்தும் நிறுவனம் என யார் சேவை கொடுத்தாலும், பெறுபவர் தொழில் நிறுவனமாக இருந்தால் 18 சதவீத வரியைப் பெறுபவரே கட்டணும். கோர்ட்டில் ஆஜராவது மட்டுமல்ல, ஒப்பந்தம் எழுதிக் கொடுப்பது, சட்ட ஆலோசனை சொல்வது, லீகல் நோட்டீஸ் அனுப்புவது எல்லாமே இதில் அடங்கும்.

விலக்கும் உண்டு. முந்தைய நிதியாண்டில் உங்கள் மொத்த விற்றுமுதல் ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாத அளவுக்குள் இருந்திருந்தால் இந்த வரி கிடையாது. தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவர்களுக்கு அந்த அளவு 40 லட்சம் ரூபாய், சேவை தருபவர்களுக்கு 20 லட்சம். நீங்களாக விரும்பி ஜிஎஸ்டி நம்பர் வாங்கியிருந்தாலும் இந்த விலக்கு பொருந்தும். ஆகவே நோட்டீஸ் வந்ததும் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது அதற்கு முந்தைய வருடத்தின் விற்றுமுதல். அது அளவுக்குள் இருந்தால், அதைச் சொல்லும் ஒரே பதிலோடு விஷயம் முடிந்துவிடும்.

அதேபோல, முதலாளியின் சொந்தச் சொத்து வழக்கு, குடும்ப வழக்கு போன்றவற்றுக்கு அவர் தன் பையிலிருந்து கொடுத்த ஃபீஸ் தொழிலுக்கான சேவை அல்ல. அதற்கும் ரிவர்ஸ் சார்ஜ் வராது. ஆனால் அதை நிறுவனத்தின் செலவாகக் கணக்கில் எழுதியிருந்தால், தொழிலுக்கானது இல்லை என்று நிரூபிப்பது கஷ்டம்.

அதிகாரிக்கு எப்படித் தெரிகிறது?

வருமான வரிக்காகத் தயாரிக்கும் லாப நட்டக் கணக்கில் ‘சட்ட மற்றும் தொழில்முறைக் கட்டணம்’ என்று ஒரு வரி இருக்கும். மாதாந்திர GSTR-3B-யில் ரிவர்ஸ் சார்ஜுக்கான இடம் 3.1(d). முதலாவதில் சில லட்சங்கள், இரண்டாவதில் பன்னிரண்டு மாதமும் பூஜ்யம் என்றால், ஆடிட்டிலோ ஆய்விலோ உடனே கண்ணில் படும். வக்கீலுக்கு டிடிஎஸ் பிடித்துக் கட்டியிருந்தால் அந்தத் தகவலும் அரசிடம் இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், நோட்டீஸ் பெரும்பாலும் அந்த ஒற்றை வரியில் உள்ள மொத்தத் தொகைக்கும் 18 சதவீதம் போட்டு வரும். அதில் வக்கீல் ஃபீஸ் எவ்வளவு, மற்றவை எவ்வளவு என்று பிரித்துக் காட்ட வேண்டிய வேலை நம்முடையது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

கோவையில் பம்புசெட் உதிரிபாகம் செய்யும் ஒரு சிறிய பார்ட்னர்ஷிப் நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு விற்றுமுதல் இரண்டு கோடிக்குக் கொஞ்சம் குறைவு. சரக்கு வாங்கியவர் கொடுத்த செக் திரும்பியதால் 2022-23-ல் வழக்கு நடத்தினார்கள். அந்த வருடக் கணக்கில் சட்ட மற்றும் தொழில்முறைக் கட்டணம் 4,10,000 ரூபாய். 2026 பிப்ரவரி 24 அன்று, பிரிவு 73-ன் கீழ் DRC-01 படிவத்தில் ஷோகாஸ் நோட்டீஸ் வருகிறது. கேட்கும் வரி 73,800 ரூபாய், வட்டி தனி.

லெட்ஜரைத் திறந்து பார்த்தால் அந்த 4,10,000 மூன்று விதமான செலவுகளின் கூட்டு:

- வக்கீல் ஃபீஸ்: 2,40,000
- ஆடிட்டர் கட்டணம்: 1,20,000
- கோர்ட் கட்டணம், முத்திரைத்தாள்: 50,000

ஆடிட்டர் தன் பில்லிலேயே ஜிஎஸ்டி போட்டு வாங்கிக் கட்டிவிட்டார். பட்டயக் கணக்காளர் சேவைக்கு ரிவர்ஸ் சார்ஜ் கிடையாது. அதற்கு மறுபடி வரி கேட்பது இரட்டை வரி. கோர்ட் கட்டணம் நேராக அரசுக்குப் போனது, ரசீது நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. அதுவும் வக்கீலின் சேவைக்கான விலை அல்ல. (ரசீது எதுவும் இல்லாமல் வக்கீல் பில்லிலேயே ‘செலவு உட்பட’ என்று மொத்தமாகப் போட்டிருந்தால் நிலைமை வேறு. அந்த முழுத் தொகைக்கும் வரி கேட்க அதிகாரிக்கு இடம் இருக்கிறது.)

மிஞ்சுவது 2,40,000. அதற்கு 18 சதவீதம் 43,200 ரூபாய். வக்கீலும் தமிழ்நாட்டிலேயே இருப்பதால் சிஜிஎஸ்டி 21,600, எஸ்ஜிஎஸ்டி 21,600. நோட்டீஸ் கேட்டதில் 30,600 ரூபாய் நாம் கட்ட வேண்டியதே இல்லை.

அடுத்தது வட்டி. ஆண்டுக்கு 18 சதவீதம், அதாவது மாதத்துக்கு ஒன்றரை. எந்தத் தேதியிலிருந்து கணக்கிடுவது என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். அந்தக் காலகட்டத்தில் இருந்த விதிப்படி, வக்கீலுக்குப் பணம் கொடுத்த நாள், அவர் பில் போட்டு 60 நாள் முடிந்த மறுநாள், இந்த இரண்டில் எது முந்தியதோ அந்த மாதத்தில் வரி வந்து சேரும். கட்ட வேண்டிய கடைசி நாள் அடுத்த மாதம் 20-ம் தேதி. நம் நிறுவனம் பில் வந்ததும் 2022 ஜூன், அக்டோபர், 2023 பிப்ரவரி என மூன்று முறை 80,000 கொடுத்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் வரி 14,400.

2026 மார்ச் 20 அன்று கட்டுவதாகக் கொண்டால், முதல் தவணைக்கு 44 மாதம், இரண்டாவதுக்கு 40, மூன்றாவதுக்கு 36. வட்டி 9,504, 8,640, 7,776. மொத்தம் 25,920. சட்டப்படி நாள் கணக்கில் பார்த்தால் சில ரூபாய் கூடக் குறைய இருக்கும்.

ஆக, கட்ட வேண்டியது வரி 43,200, வட்டி 25,920. கூட்டினால் 69,120 ரூபாய்.

30 நாள் எப்போது தொடங்குகிறது?

பிரிவு 73-ன் கீழ், ஷோகாஸ் நோட்டீஸ் வெளியான 30 நாளுக்குள் வரியையும் வட்டியையும் கட்டிவிட்டால் அபராதம் இல்லை. தாண்டினால் வரியில் 10 சதவீதம் அல்லது 10,000 ரூபாய், இரண்டில் எது அதிகமோ அது. நம் கணக்கில் 10 சதவீதம் வெறும் 4,320 தான். ஆனால் மத்திய, மாநில வரிக்குத் தனித்தனியாக 10,000 போடுவார்கள் என்பதால் அபராதம் 20,000 ஆகிவிடும்.

இந்த 30 நாள் நீங்கள் நோட்டீஸைப் படித்த நாளிலிருந்து அல்ல, அது வெளியான நாளிலிருந்து ஓடுகிறது. நோட்டீஸ் பெரும்பாலும் ஜிஎஸ்டி போர்ட்டலில்தான் ஏறும். பதிவில் இருக்கும் ஈமெயிலும் மொபைல் நம்பரும் பழைய அக்கவுன்டன்டுடையது என்றால் உங்களுக்கு எதுவுமே வராது. உள்ளே போனாலும் இரண்டு இடங்களில் பார்க்கணும்:

Services > User Services > View Notices and Orders
Services > User Services > View Additional Notices/Orders

இரண்டாவது இடத்தைப் பார்க்காமல் விட்டு, கடைசியில் DRC-07 உத்தரவு வந்து, வங்கிக் கணக்கு முடக்கப்பட்ட பிறகே விழித்துக்கொண்டவர்கள் தமிழ்நாட்டில் நிறைய பேர். அப்படிச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போன பல வழக்குகளில், கேட்ட வரியில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லி, விளக்கம் தர இன்னொரு வாய்ப்பு கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அதற்கு ஆகும் வக்கீல் செலவு இந்த வரியைவிட அதிகமாக இருக்கும்.

பணம் கட்டும்போது நடக்கும் தவறு

ஷோகாஸ் நோட்டீஸ் வந்த பிறகு பணத்தை DRC-03 படிவத்தில் கட்டணும். அதில் காரணமாக ஷோகாஸ் நோட்டீஸைத் தேர்ந்தெடுத்து, நோட்டீஸ் எண்ணையும் தேதியையும் கொடுக்கணும். அதைச் செய்யாமல் பொதுவாகக் கட்டினால், பணம் அரசிடம் இருக்கும், நோட்டீஸும் நிலுவையிலேயே நிற்கும்.

இன்னொன்று, கிரெடிட் லெட்ஜரில் பணம் கிடக்கிறதே என்று அதிலிருந்து கழிக்கக் கூடாது. ரிவர்ஸ் சார்ஜ் வரிக்குச் சட்டத்தின் பார்வையில் ‘வெளியீட்டு வரி’ என்ற அந்தஸ்து இல்லை. கிரெடிட்டை வெளியீட்டு வரிக்கு மட்டும்தான் பயன்படுத்தலாம். அதனால் இந்த வரி கேஷ் லெட்ஜரிலிருந்தே போகணும். முதலில் சலான் போட்டு சிஜிஎஸ்டி வரி, எஸ்ஜிஎஸ்டி வரி, இரண்டுக்கும் வட்டி என்று தனித்தனித் தலைப்பில் பணம் ஏற்றி, பிறகு DRC-03 போடுங்கள்.

பதிலில் என்ன எழுதுவது?

பதிலை DRC-06 படிவத்தில் ஏற்றணும். நீண்ட சட்ட விளக்கம் தேவையில்லை. சொல்ல வேண்டியது மூன்றுதான்.

முதலாவது, ஒப்புக்கொள்வது. ‘வக்கீல் கட்டணம் 2,40,000 ரூபாய்க்கு ரிவர்ஸ் சார்ஜ் வரி கட்டாமல் விடுபட்டது உண்மை. வரி 43,200, வட்டி 25,920 ஆகியவற்றை 20.03.2026 அன்று DRC-03 மூலம் செலுத்திவிட்டோம்’ என்று நேராக எழுதி, படிவத்தின் நகலை இணைக்க வேண்டும்.

இரண்டாவது, மறுப்பது. ஆடிட்டரின் ஜிஎஸ்டி பில், கோர்ட் கட்டண ரசீது, அந்த வருட லெட்ஜர், 4,10,000-ஐப் பிரித்துக் காட்டும் ஒரு பக்கப் பட்டியல். இவற்றோடு மீதி 30,600 ரூபாய் வரிக் கோரிக்கையைக் கைவிடும்படி கேட்க வேண்டும்.

மூன்றாவது, நோக்கம். செலவு கணக்குப் புத்தகத்தில் வெளிப்படையாக இருக்கிறது, டிடிஎஸ் பிடித்திருக்கிறோம், கட்டியிருந்தால் முழுத் தொகையும் கிரெடிட்டாகத் திரும்ப வந்திருக்கும், ஆகவே மறைப்பதால் எங்களுக்கு ஒரு லாபமும் இல்லை. இதைக் கட்டாயம் எழுதுங்கள். ஏன் என்பதை அடுத்த பகுதியில் பார்க்கலாம். நேரடி விசாரணை வேண்டுமா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நோட்டீஸில் கேட்ட முழுத் தொகையையும் கட்டினால்தான் விவகாரம் அங்கேயே முடிந்ததாகக் கருதப்படும். ஒரு பகுதியை மறுத்தால் அந்தப் பகுதிக்கு விசாரணை தொடரும். அதில் தோற்றால் அதற்கு வரி, வட்டி, அபராதம் மூன்றும் வரும். அதனால் கையில் ரசீதும் பில்லும் உள்ள தொகையை மட்டும் மறுப்பது புத்திசாலித்தனம்.

73-க்கும் 74-க்கும் ஒரு எண்தான் வித்தியாசம்

2023-24 வரையிலான வருடங்களுக்கு நோட்டீஸ் இரண்டு பிரிவுகளில் வரலாம். 73 என்பது சாதாரணத் தவறு. 74 என்பது மோசடி, வேண்டுமென்றே தவறான தகவல், உண்மையை மறைத்தல். 74-ல் ஷோகாஸ் நோட்டீஸுக்குப் பின் 30 நாளுக்குள் கட்டினாலும் 25 சதவீத அபராதம் உண்டு. கடைசி வரை கட்டாவிட்டால் வரிக்குச் சமமான 100 சதவீதம்.

அதைவிடப் பெரிய இழப்பு, அந்த வருடங்களுக்கு 74-ன் கீழ் கட்டிய வரிக்கு இன்புட் கிரெடிட் கிடையாது. நம் கணக்கில் 73 என்றால் 43,200 திரும்பி வரும். 74 என்றால் அதுவும் போச்சு.

ரிட்டர்னில் காட்டவில்லை என்பதையே ‘மறைத்தல்’ என்று சொல்லி 74-ல் நோட்டீஸ் போடுவது நடக்கிறது. ஆனால் வரி கட்டவில்லை என்ற ஒரே காரணத்துக்காக 74-ஐப் பயன்படுத்தக் கூடாது, மோசடிக்கோ மறைப்புக்கோ ஆதாரம் இருக்க வேண்டும் என்று மத்திய மறைமுக வரிகள் வாரியமே 2023 டிசம்பரில் தன் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. உங்கள் நோட்டீஸ் 74-ல் வந்திருந்தால், பதிலின் முதல் பத்தியே இதைப் பற்றி இருக்க வேண்டும்.

2024-25 முதல் இரண்டையும் இணைத்து 74A என்ற புதுப் பிரிவு வந்துவிட்டது. அதில் மோசடி இல்லாத விவகாரத்துக்கு, அபராதம் இல்லாமல் கட்ட 30 நாளுக்குப் பதில் 60 நாள் கிடைக்கும்.

திரும்ப வரும் 43,200

நான்கு வருடம் பழைய செலவுக்கு இப்போது கிரெடிட் எடுக்க முடியுமா? முடியும். பதிவு செய்யாத வக்கீலிடம் சேவை பெற்றால், நிறுவனமே தன் பெயரில் ஒரு பில் போட்டுக்கொள்ள வேண்டும். இதுதான் செல்ஃப் இன்வாய்ஸ். கிரெடிட் எடுப்பதற்கான காலக்கெடு, அந்தச் செல்ஃப் இன்வாய்ஸ் எந்த நிதியாண்டில் போடப்பட்டதோ அதைக் கொண்டுதான் கணக்கிடப்படும் என்று 2024 ஜூன் 26-ம் தேதியிட்ட 211 எண் சுற்றறிக்கை தெளிவாகச் சொல்கிறது. நம் நிறுவனம் 2026 மார்ச்சில் செல்ஃப் இன்வாய்ஸ் போட்டால், 2026 நவம்பர் 30 வரை கிரெடிட் எடுக்கலாம். தாமதமாகப் போட்டதற்கு வட்டியும், சூழலைப் பொறுத்து அபராதமும் வரலாம் என்பதையும் அதே சுற்றறிக்கை சொல்கிறது.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. 2024 ஆகஸ்ட் முதல் போர்ட்டல் ஒரு தனிக் கணக்கு வைத்திருக்கிறது. GSTR-3B-யில் 3.1(d)-யில் கட்டிய வரிக்கு மேல் 4(A)(3)-யில் கிரெடிட் எடுத்தால் அதில் இடிக்கும். DRC-03-ல் கட்டியது அந்தக் கணக்கில் தானாகச் சேராது. எனவே செல்ஃப் இன்வாய்ஸ், DRC-03 நகல், நோட்டீஸுக்குக் கொடுத்த பதில் மூன்றையும் ஒரே ஃபைலில் வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் காட்டுவது என்று ஆடிட்டரிடம் பேசிவிட்டு எடுங்கள்.

காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கிரெடிட் கிடையாது. வரி விலக்குள்ள பொருள், சேவை மட்டும் விற்பவர்களுக்கும் இல்லை. அவர்களுக்கு 18 சதவீதம் நிஜமான செலவு.

நோட்டீஸ் வராத வருடங்கள்

2022-23-ல் விட்டிருந்தால் அடுத்த வருடங்களிலும் விட்டிருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு நோட்டீஸ் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இப்போதே செல்ஃப் இன்வாய்ஸ் போட்டு, நடப்பு மாத GSTR-3B-யில் 3.1(d)-யில் காட்டி வட்டியோடு கட்டினால், அதே ரிட்டர்னில் 4(A)(3)-யில் கிரெடிட் எடுத்துவிடலாம். மேலே சொன்ன சிக்கலும் வராது. இனி வரும் பில்களுக்கு 2024 நவம்பர் 1 முதல் புது விதி: சேவை பெற்ற 30 நாளுக்குள் செல்ஃப் இன்வாய்ஸ் போட்டாக வேண்டும்.

இந்த விவகாரத்தில் நிறுவனம் விட்டது தவறுதான், சந்தேகமில்லை. ஆனால் அரசுத் தரப்பிலும் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. ஒரு கையில் வாங்கி மறு கையில் கிரெடிட்டாகத் தரும் இந்த வரியில், அரசுக்கு உண்மையில் மிஞ்சுவது வட்டி மட்டும். 2022-23-க்கான ஆண்டுக் கணக்கு 2023 டிசம்பருக்குள் தாக்கலாகிவிட்டது. 3.1(d) பூஜ்யம் என்பது அன்றைக்கே தெரியும். 2024 தொடக்கத்தில் ஒரு எஸ்எம்எஸ் வந்திருந்தால் நம் கோவை நிறுவனத்தின் வட்டி பாதிக்கும் கீழே நின்றிருக்கும். விற்பனை விவரத்தில் சின்ன வித்தியாசம் வந்தாலே உடனே எச்சரிக்கும் போர்ட்டலுக்கு, வருடம் முழுக்கப் பூஜ்யமாக இருக்கும் ஒரு கட்டத்தைக் காட்டி ‘வக்கீல் ஃபீஸ் ஏதாவது கொடுத்தீர்களா?’ என்று கேட்பது முடியாத காரியம் அல்ல. அதைச் செய்யாமல், கெடு முடியும் வருடத்தில் நோட்டீஸ் அனுப்புவது சிறு நிறுவனங்களிடம் வட்டியை வளர்த்து வாங்குவதாகவே முடிகிறது. துறை அதை மாற்றும்வரை, மாதா மாதம் ரிட்டர்ன் போடும் முன் வக்கீல் லெட்ஜரை ஒருமுறை திறந்து பார்க்கும் வேலை நம்முடையது.